421 என்று அடிபட்ட 4,600 ரூபா

அக்கராயனில் இருந்து முதல் பஸ்ஸில் வந்த அந்த அம்மா, சங்க அலுவலக வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். கைப்பையில் இருந்து ஒரு பொலித்தீன் உறை, அதற்குள் கடன் புத்தகம், புத்தகத்துக்குள் மடியாமல் வைத்திருந்த ஒரு சின்னச் சிட்டை. வங்கியின் காசு போடுற மெஷின் தருகிற சிட்டை அது. சூட்டில் எழுத்து விழுகிற தாள் என்பதால், வெயில் பட்டால் சில மாதங்களிலேயே வெறும் வெள்ளைத் தாளாகிவிடும். அவர் புத்தகத்துக்குள் பத்திரப்படுத்தியிருந்ததால் படிக்க முடிந்தது. 6ஆம் திகதி, 4,600 ரூபா. "நான் கட்டினனான் தம்பி. கட்டின பிறகு என்னத்துக்கு என்ர பிணைக்காரருக்கு மெசேச் போனது?" என்று கேட்டார். சத்தம் போடவில்லை. அதற்காகவே அந்தக் கேள்வி இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

அந்த மெசேச்சை அனுப்பியது நான் எழுதிய ஜொப், கணினியில் தானாக ஓடுகிற ஒரு புரோகிராம். கிளிநொச்சிப் பக்கத்தில் ஒரு கடன் கூட்டுறவுச் சங்கத்துக்கு அதைச் செய்து கொடுத்திருந்தேன். அங்கத்தவர்கள் தவணைக் காசை அலுவலகத்துக்குக் கொண்டுவரத் தேவையில்லை, தங்களுக்குக் கிட்டவுள்ள வங்கி மெஷினில் போட்டால் போதும். போடும்போது அங்கத்துவ இலக்கத்தை அடிக்க வேண்டும். ஒவ்வொரு நாள் இரவும் வங்கியில் இருந்து ஒரு கோப்பு வரும். இரவு 2 மணிக்கு ஜொப் ஓடி, ஒவ்வொரு வைப்பையும் உரிய அங்கத்தவரின் கடன் கணக்கில் பதியும். ஆளைப் பிடிக்க முடியாதவை பெண்டிங்கில் நிற்கும். அவற்றைக் காலையில் அலுவலகத்தில் இருக்கிற அக்கா பார்த்து முடிப்பார். அதற்கு முன்பு இந்த வேலை முழுவதையும் அவரே கையால் செய்துகொண்டிருந்தார்.

சிட்டையைத் திருப்பிப் பார்த்தேன். இலக்கம் என்ற இடத்தில் 421 என்று இருந்தது. அம்மாவின் இலக்கம் 412.

## அந்த வைப்பு போன வழி

ஜொப்பின் பதிவேட்டை எடுத்துப் பார்த்தபோது எல்லாமே ஒழுங்காக இருந்தது. 6ஆம் திகதி 4,600 ரூபா வந்திருக்கிறது. இலக்கம் 421. அப்படி ஒரு அங்கத்தவர் இருக்கிறார். அவருடைய மாதத் தவணையும் 4,600 ரூபாதான். இலக்கமும் தொகையும் பொருந்துவதால் பதிந்துவிட்டது. பொருத்தம் என்ற நிரலில் 100 என்று நான் எழுதவைத்த எண் நின்றது. பெண்டிங்குக்கு அது வரவே இல்லை, ஆகவே அக்காவின் கண்ணிலும் படவில்லை.

421ஆம் இலக்கக்காரி 4ஆம் திகதியே தன் தவணையைக் கட்டிவிட்டார். இரண்டாவது 4,600ஐ ஜொப் அவருடைய அடுத்த மாதத் தவணைக்கான முற்பணமாக எடுத்துக்கொண்டது. 412இன் தவணை 10ஆம் திகதி வரை வரவில்லை என்று கண்டு, 11ஆம் திகதி 230 ரூபா தண்டம் போட்டது. 12ஆம் திகதி காலை அவருக்கும் அவருடைய இரண்டு பிணையாளிகளுக்கும் குறுஞ்செய்தி அனுப்பியது. பிணையாளிகள் இருவரும் அதே ஒழுங்கையில் இருக்கிற பெண்கள்.

நான் இலக்கம் பொருந்துவதைப் பலமான சாட்சி என்று நினைத்திருந்தேன். இந்தச் சங்கத்தில் அங்கத்துவ இலக்கம் 1இல் இருந்து வரிசையாகக் கொடுக்கப்பட்டது. ஏறத்தாழ அறுநூறு பேர், இடைவெளி அதிகம் இல்லை. அப்படியான வரிசையில் ஓர் இலக்கத்தைத் தவறாக அடித்தால், அது பெரும்பாலும் உயிரோடு இருக்கிற இன்னொரு அங்கத்தவரின் இலக்கமாகவே விழும். "அப்படி ஒரு ஆள் இல்லை" என்ற பதில் ஜொப்புக்குக் கிடைக்கிற வாய்ப்பே குறைவு. இலக்கம் பொருந்தியது என்பதற்கு, அடித்தவர் மூன்று எண்களை அடித்தார் என்பதற்கு மேல் பெரிய அர்த்தம் இருக்கவில்லை.

தொகையும் அப்படித்தான். ஒரே திட்டத்தில், ஒரே மாதத்தில், ஒரே தொகைக் கடன் எடுத்தவர்கள் எல்லோருக்கும் தவணை ஒன்றுதான். பக்கத்துப் பக்கத்து இலக்கக்காரர்கள் ஒன்றாகச் சேர்ந்து ஒன்றாகக் கடன் எடுத்தவர்கள். ஆகவே இலக்கம் எங்கே தவறுகிறதோ, அதே இடத்தில்தான் தொகையும் பேதம் காட்டாமல் விடுகிறது. இரண்டு சாட்சிகள் என்று நான் எண்ணியவை உண்மையில் ஒன்றையே இரண்டு தடவை கேட்டது போல. தனியாக நின்ற சாட்சி ஒன்று இருந்தது, 421இன் கணக்கு. இரண்டு நாளைக்கு முன் தவணை கட்டியவர் ஏன் இன்னொரு முழுத் தவணையைக் கட்ட வேண்டும்? அந்தக் கேள்வியை ஜொப் கேட்கவில்லை. நான் கேட்கச் சொல்லிக் கொடுக்கவில்லை.

காசை 412க்கு மாற்றிப் போடவும், தண்டத்தை அழிக்கவும் பத்து நிமிடம் போதுமாக இருந்தது. அந்தக் குறுஞ்செய்தியை அழிக்க வழி இல்லை. பிணை வைத்த பெண்களில் ஒருவர் அன்று காலையே அம்மாவின் வீட்டு வாசலில் வந்து, இனிமேல் தன்னைப் பிணைக்குக் கேட்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். நாங்கள் இருவருக்கும் தொலைபேசி எடுத்துப் பிழை எங்களுடையது என்று சொன்னோம். அவர்கள் கேட்டுக்கொண்டார்கள். அதற்குப் பிறகு அந்த ஒழுங்கையில் என்ன கதைக்கப்பட்டது என்பது எனக்குத் தெரியாது.

## மூன்றாவது கட்டு

அடுத்த நாள் அக்காவின் மேசைக்குப் பக்கத்தில் ஒரு கதிரையைப் போட்டு இருந்தேன். ஜொப்பை நிறுத்திவிட்டு, அன்று வந்த வைப்புகள் அவ்வளவையும் பழையபடி கையால் செய்யச் சொன்னேன். அவர் அவற்றைத் தாளில் அடித்து, வெட்டி, மூன்று கட்டாகப் பிரித்தார். முதலாவது கட்டில் இருந்ததைப் பார்த்த உடனேயே பதிந்தார். இரண்டாவது கட்டுக்கு ஒவ்வொன்றாகத் தொலைபேசி எடுத்தார். மூன்றாவது கட்டை மேசை லாச்சிக்குள் வைத்தார்.

"இது என்ன அக்கா?"

"இது எனக்குத் தெரியாதது. ஆக்கள் தேடி வருவினம்."

முதலாவது கட்டில் என்னென்ன போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். நான் எதிர்பார்த்ததற்கு மாறாக, இலக்கம் சரியாக இருந்த பலவற்றை அவர் இரண்டாவது கட்டில் போட்டார். ஒன்றைக் கையில் எடுத்து, இந்த ஆள் எப்போதும் மாதக் கடைசியில் கட்டுகிறவர், இது 5ஆம் திகதி வந்திருக்கிறது என்றார். இன்னொன்றில், இவர் விசுவமடுவில் இருக்கிறவர், இந்தக் காசு வவுனியா மெஷினில் விழுந்திருக்கிறது என்றார். தொலைபேசி எடுத்தார். அவருடைய மகன் வவுனியாவில் வேலை செய்கிறான், அவன்தான் போட்டது. சரியான ஆள்தான். ஆனாலும் கேட்டுவிட்டுத்தான் பதிந்தார்.

மத்தியானம் போல, என்னுடைய திரையில் அந்த 100 என்ற எண்ணைக் காட்டி ஜொப் எப்படி முடிவெடுக்கிறது என்று அவருக்கு விளக்கினேன். கவனமாகக் கேட்டார். பிறகு கேட்டார்: "தம்பி, உங்கட ஜொப்புக்கு ஒண்டு தெரியாட்டில், அது தெரியாதெண்டு சொல்லுமோ?"

சொல்லும் என்றுதான் வாயெடுத்தேன். பெண்டிங் என்ற ஒன்று இருக்கிறதே. ஆனால் நான் எழுதியதைத் திறந்து பார்த்தபோது அது அப்படி இல்லை. சுருக்கமாகச் சொன்னால் இப்படி இருந்தது:

```
if no_match(item) or amount > 50000:
    to_review(item)
else:
    post(item)
```

சந்தேகப்படுவதற்கு எனக்குத் தோன்றிய இரண்டு காரணங்களை மேலே எழுதியிருக்கிறேன். மற்றது எதுவானாலும் பதி என்பது கீழே `else`க்குள் இருக்கிறது. எனக்குத் தோன்றாத ஒவ்வொரு பிழையும், நான் பிறந்த நாளில் இருந்து கண்டிராத ஒவ்வொரு விசித்திரமும், அந்த `else` வழியாக நேரே ஒரு மனிதரின் கடன் கணக்குக்குள் போகும். இந்த ஜொப்புக்குத் தெரியாது என்று சொல்லத் தெரியாது. எனக்கு முன்கூட்டியே தெரிந்த இரண்டு தெரியாமைகளை மட்டும் சொல்லத் தெரியும்.

அக்காவின் மூன்று கட்டுகள் மறுபக்கத்தில் இருந்து கட்டப்பட்டவை. முதலாவது கட்டுக்குள் போவதற்குத்தான் காரணம் வேண்டும். காரணம் இல்லாதது தானாகவே இரண்டாவதுக்கோ மூன்றாவதுக்கோ போய்விடும். அன்று இரவு எழுதியது இது:

```
if check_ok(ref) and owner_count == 1 \
   and amount == due and not paid_this_month:
    post(item)
else:
    to_review(item, reason)
```

இரண்டிலும் வரிகள் ஏறத்தாழ ஒன்றுதான். `else` யாருடைய பக்கம் விழுகிறது என்பது மட்டும் மாறியிருக்கிறது. இலக்கம் சரி, அது ஒருவருடையது மட்டும், தொகை தவணைக்குச் சமம், இந்த மாதம் இன்னும் கட்டவில்லை என்ற நிபந்தனைகள் நான்கும் ஒருங்கே உண்மையானால்தான் ஜொப் கை வைக்கும். வங்கி நாளைக்கு ஒரு புது வகை வைப்பைக் கொண்டுவந்தால், கோப்பில் ஒரு நிரல் இடம் மாறினால், தவணை பாதி வந்தால், அவை எல்லாம் மனிதரிடம் போகும். வேலை கூடும், ஆனால் யாருடைய கணக்கும் இரகசியமாகக் கெடாது.

## பெயரைக் கொண்டு தேடியபோது

இதற்கிடையில் வேறொரு வழியையும் முயன்று பார்த்தேன். இணைய வங்கியால் வருகிற காசோடு அனுப்பியவரின் பெயர் வரும். பெயருக்கும் பெயருக்கும் உள்ள ஒற்றுமையை நூற்றுக்கு இத்தனை என்று கணக்கிட்டு, 90க்கு மேல் வந்தால் பதியலாம் என்பது யோசனை. பல இடங்களில் இப்படித்தான் செய்கிறார்கள். எங்கள் பெயர்களில் அது நிற்கவில்லை.

திரையில் `Yogeswary` என்று ஒருவர், `Yogeswari` என்று ஒருவர், `Jogeswary` என்று ஒருவர். தமிழில் மூவரும் யோகேஸ்வரிதான், ஆனால் மூன்று வேறு வீடுகள். எழுத்து ஒற்றுமை மூவருக்கும் உயர்ந்த புள்ளியையே கொடுக்கிறது. மறுபுறம் ஒரே பெண், அடையாள அட்டையில் தகப்பனின் முதலெழுத்தோடும் வங்கியில் கணவனின் முதலெழுத்தோடும் இருப்பார். அவர் தன்னோடு தானே சரியாகப் பொருந்தமாட்டார். இதற்கு மேல், காசு அனுப்புகிறவர் பல தடவை அங்கத்தவரே இல்லை, அவருடைய தம்பி, மருமகன், அல்லது நெல் வாங்கிய முதலாளி.

அதில் ஒரு விடயம் மட்டும் பயன்பட்டது. முதலாவதாக வந்த ஆளின் புள்ளி எவ்வளவு என்று பார்ப்பதைவிட, அவருக்கும் இரண்டாவதாக வந்தவருக்கும் இடையில் எவ்வளவு தூரம் என்று பார்ப்பது மேல். 92 என்பது உயர்ந்த புள்ளிதான். இரண்டாவது ஆள் 90இல் நின்றால் அந்த 92க்கு மதிப்பே இல்லை. 75 எடுத்தவருக்கு அடுத்தவர் 30இல் நின்றால் அங்கே ஒரு செய்தி இருக்கிறது. அப்படியிருந்தும் பெயரால் மட்டும் எதையும் பதிவதில்லை என்று முடிவெடுத்தோம். பெயர் ஒற்றுமை இப்போது அக்காவுக்கு யார் யாரைக் காட்டுவது என்று தேர்ந்தெடுக்க மட்டும் உதவுகிறது.

இலக்கத்தின் பலவீனத்துக்கு ஒரு மருந்து இருந்தது, அது பழைய மருந்து. ஒவ்வொரு அங்கத்துவ இலக்கத்தின் பின்னாலும் ஒரு சோதனை எண்ணைச் சேர்த்தோம். வங்கி அட்டைகளின் இலக்கத்தில் இருப்பது போல, லூன் முறை. 412ஐ எடுங்கள். வலது ஓரத்து 2ஐ இரட்டித்தால் 4. அடுத்த 1 அப்படியே 1. அதற்கடுத்த 4ஐ இரட்டித்தால் 8. (இரட்டித்தது 9ஐத் தாண்டினால் 9ஐக் கழிக்க வேண்டும், இங்கே தேவைப்படவில்லை.) கூட்டினால் 13. அதை 20 ஆக்க 7 வேண்டும். ஆகவே அந்த அம்மாவின் புது இலக்கம் 4127. அதே கணக்கில் 421க்கு 12 வரும், 8 வேண்டும், ஆகவே 4218. இனி அம்மா அவசரத்தில் 1ஐயும் 2ஐயும் மாற்றி 4217 என்று அடித்தால், அது யாருடைய இலக்கமும் இல்லை. ஜொப் அதை அக்காவிடம் கொண்டுபோய் வைக்கும். ஒரு எண்ணைத் தவறாக அடித்தால் இந்த முறை எப்போதும் பிடிக்கும். பக்கத்துப் பக்கத்து எண்கள் இரண்டை மாற்றி அடித்தாலும் பிடிக்கும், 09ஐ 90 ஆகவோ 90ஐ 09 ஆகவோ மாற்றுவதைத் தவிர. கடன் புத்தகங்களின் முதற் பக்கத்தில் புது இலக்கத்தைப் பெரிய எழுத்தில் ஒட்டிக் கொடுக்க எங்களுக்கு இரண்டு மாதக் கூட்டங்கள் எடுத்தன. ஜொப்பில் செய்த எந்த மாற்றத்தையும்விட அந்த ஒட்டுத்தாள்தான் அதிகம் உதவியது.

## நான்கு விநாடி

ஒட்டுத்தாள்கள் போய்ச் சேருவதற்கு முன்பு, புது விதி ஓடிய முதல் வாரத்தில் பெண்டிங் நிரம்பி வழிந்தது. தவணை நாள் நெருங்குகிற 8ஆம், 9ஆம் திகதிகளில் ஒரு நாளைக்கு எண்பது, தொண்ணூறு. அக்கா ஒருவர்தான். நான் ஜொப்பின் பிழையைக் குறைத்துவிட்டேன் என்று திருப்தியாக இருந்தேன். பிறகு ஒரு நாள் அவர் 'சரி' பொத்தானை அழுத்திய நேரங்களைப் பார்த்தேன். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையில் நான்கு விநாடி. சில இடங்களில் மூன்று. தொலைபேசி எடுத்துக் கேட்டுப் பதிகிற ஒருவர் நான்கு விநாடியில் அதைச் செய்ய முடியாது.

அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை, உரிமையும் இல்லை. நான் கட்டிக்கொடுத்த திரை அவரை அதற்குத்தான் தள்ளியது. ஒவ்வொரு வைப்புக்கும் ஜொப் தன் முதல் ஊகத்தைத் தெரிவு செய்தே வைத்திருக்கும். அவர் செய்ய வேண்டியது 'சரி' என்று அழுத்துவது மட்டும். தொண்ணூறில் எண்பத்தைந்து உண்மையில் சரியாகவே இருந்தன. எண்பத்தைந்து தடவை சரி என்று அழுத்திய கை எண்பத்தாறாவதில் நின்று யோசிக்காது. மனிதரிடம் அனுப்பினோம் என்று பெயர், ஆனால் முடிவெடுத்தது ஜொப்தான். பொறுப்பு மட்டும் அக்காவின் தலையில் ஏறியது. முதலில் நடந்த பிழையைவிட இதை நான் மோசமானதாகப் பார்க்கிறேன். இப்படி ஒரு பிழை நடந்திருந்தால், பதிவேட்டில் அவருடைய பெயர் நின்றிருக்கும்.

திரையை மாற்றினேன். இப்போது எதுவும் முன்கூட்டியே தெரிவு செய்யப்பட்டிருக்காது. ஜொப் ஏன் நின்றது என்பது மேலே ஒரே வரியில் இருக்கும்: "இந்த மாதத் தவணை 4ஆம் திகதி வந்துவிட்டது", "சோதனை எண் பொருந்தவில்லை", "தொகை தவணையைவிட 600 குறைவு". கீழே இரண்டு மூன்று ஆட்கள், ஒவ்வொருவரின் தொலைபேசி இலக்கம், கடைசி மூன்று மாதமும் அவர்கள் எந்த நாளில் எந்த ஊர் மெஷினில் போட்டார்கள் என்பது. அக்கா வாய்விட்டுச் சொல்லி யோசித்த விடயங்கள்தான் அவை. நான்காவதாக ஒரு தெரிவும் இருக்கிறது: "தெரியாது". அவருடைய லாச்சி. அதை அழுத்த எந்தக் காரணமும் எழுதத் தேவையில்லை. இந்தத் தெரிவு இல்லாத திரை, தெரியாத ஒருவரையும் ஏதோ ஒன்றை அழுத்தவைக்கும்.

காரணத்தை எழுதிவைத்ததில் இன்னொரு பயனும் இருந்தது. மாத முடிவில் எந்தக் காரணத்துக்காக எத்தனை வந்தன என்று எண்ணினோம். பெரிய தொகுதி ஒன்று, 4,600க்குப் பதில் 5,000 போட்டவர்கள். மெஷின் சில்லறை நாணயத்தை எடுக்காது, பல பேரிடம் நூறு ரூபாத் தாளும் இருக்காது, ஆகவே தவணையைச் சற்றுக் கூட்டிப் போடுகிறார்கள். சோதனை எண் பொருந்தி, தவணை இன்னும் வரவில்லை என்றால், 500 ரூபா வரையான மிகுதியை அவருடைய சேமிப்பில் போட்டுவிடலாம் என்று நிர்வாகக் குழு தீர்மானம் எடுத்தது. அதற்குப் பிறகுதான் அந்த விதியை ஜொப்பில் எழுதினேன். அக்காவோடு சேர்ந்து நான் மட்டும் அதை முடிவெடுத்திருந்தால், அது மற்றவர்களின் காசில் நாங்கள் எடுத்த சுதந்திரமாக இருந்திருக்கும்.

## பதிவது ஒன்று, அறிவிப்பது இன்னொன்று

பழைய ஜொப்பில் பதிவு, தண்டம், குறுஞ்செய்தி மூன்றும் இடையில் யாரும் பார்க்காமல் ஒன்றன்பின் ஒன்றாக நடந்தன. இப்போது மூன்றும் பிரிந்திருக்கின்றன. பதிவை ஜொப் செய்யலாம், பிழைத்தால் எதிர்ப்பதிவு போட்டு மாற்றலாம். தண்டம் ஐந்து நாள் தள்ளி விழுகிறது. அந்தத் திட்டத்தின் தவணைத் தொகைக்கு ஒத்த ஒரு வைப்பு யாருடையது என்று தெரியாமல் பெண்டிங்கில் இருக்குமட்டும், அந்தத் திட்டத்தில் கட்டாதவர் என்று நிற்கிற ஒருவருக்கும் தண்டம் விழாது. எங்களிடம் உரிமையாளர் தெரியாத 4,600 ரூபா ஒன்று இருக்கையில், 4,600 கட்டவில்லை என்று ஒருவரிடம் எந்த முகத்தோடு சொல்வது? இதனால் உண்மையிலேயே பிந்திய சிலரும் தண்டத்தில் இருந்து தப்புகிறார்கள். சங்கத்துக்கு அது சிறிய இழப்பு, தாங்கலாம் என்று முகாமையாளர் ஒத்துக்கொண்டார்.

பிணையாளிக்குப் போகிற செய்தியை ஜொப் இப்போது அனுப்புவதே இல்லை. அது ஒரு பட்டியலைத் தயாரிக்கும். அக்கா முதலில் அங்கத்தவரோடு கதைப்பார். அதன் பிறகுதான் பிணையாளியிடம் போவது. எத்தனை நிபந்தனை பொருந்தினாலும் இதைத் தானாகச் செய்ய விடுவதில்லை. காசு யாருடையது என்பதில் ஜொப் எவ்வளவு நிச்சயமாக இருந்தாலும், ஒரு குடும்பத்தின் பெயர் பக்கத்து வீட்டில் கெடுவதை எதிர்ப்பதிவு போட்டு மாற்ற முடியாது.

தானாகப் பதியப்பட்டவற்றைப் பற்றியும் ஒரு கவலை இருந்தது. பெண்டிங்குக்கு வருவதில் பிழை இருந்தால் அக்கா காண்பார். வராததில் பிழை இருந்தால், இன்னொரு அம்மா பஸ் ஏறி வந்தால்தான் தெரியும். ஆகவே ஒவ்வொரு வாரமும் ஜொப் தான் பதிந்தவற்றில் பத்தைக் குருட்டுவாக்கில் எடுத்து அக்காவிடம் கொடுக்கிறது. அவர் அந்தப் பத்துப் பேருக்கும் எடுத்து, எப்போது எவ்வளவு போட்டீர்கள் என்று கேட்பார். முப்பது வாரம், முந்நூறு வைப்புகள், இதுவரை ஒரு பிழையும் அகப்படவில்லை. அதை வைத்துப் பிழையே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். முந்நூறில் ஒன்றும் அகப்படாவிட்டால், உண்மையான பிழை நூற்றுக்கு ஒன்று வரைக்கும் இருக்கலாம் என்பதுதான் புள்ளிவிபரக்காரரின் கணக்கு. பார்த்த எண்ணிக்கையால் மூன்றை வகுத்தால் வருவது. மாதம் அறுநூறு வைப்பு என்றால் அது ஆறு குடும்பம். ஆகவே அந்தப் பத்துத் தொலைபேசி அழைப்பும் தொடர்கிறது.

அக்காவின் தலையில் மட்டும் இருந்த விடயங்களில் சில எழுத்துக்கு வந்திருக்கின்றன. வவுனியாவில் கடை வைத்திருக்கிற ஒருவர் மாதம் 13,800 ரூபாவை ஒரே வைப்பாக அனுப்புவார். அது தன்னுடைய மூன்று சகோதரிகளுக்கு 4,600 வீதம் என்பது அக்காவுக்கு மட்டும் தெரியும். அதை அவரிடமே கையெழுத்தோடு அறிவுறுத்தலாக வாங்கி, ஒரு வருடத்துக்கு மட்டும் செல்லுபடி என்று பதிந்திருக்கிறோம். தொகை ஒரு ரூபா மாறினாலும் ஜொப் பிரிக்காது, நிற்கும். போன ஆவணியில் 9,200 வந்தபோது நின்றது. இரண்டு பேருக்குத்தான் கட்டியிருக்கிறார் என்றால் எந்த இரண்டு பேருக்கு? அக்கா எடுத்துக் கேட்டார். ஒரு சகோதரி தன் கடனைத் தானே கட்டத் தொடங்கிவிட்டார் என்று அவர் சொன்னார்.

இன்னும் லாச்சிக்குள் கிடப்பவையும் உண்டு. மாசி மாதம் முல்லைத்தீவு மெஷினில் விழுந்த 2,300 ரூபா ஒன்று. இலக்கம் அடிக்கப்படவில்லை. எந்தத் திட்டத்தின் தவணைக்கும் அது ஒத்துவரவில்லை, யாரும் தேடியும் வரவில்லை. கணக்காய்வுக்கு வந்தவர் இவ்வளவு நாளும் தொங்கல் கணக்கில் வைத்திருக்கத் தேவையில்லை, சங்கத்தின் வருமானத்தில் எடுத்துவிடலாம் என்றார். அக்கா அதற்குச் சம்மதிக்கவில்லை. 4,600இல் சரிபாதி அது என்பதை அவர்தான் முதலில் கவனித்தவர். பாதித் தவணையைக் கட்டிவிட்டு மிச்சத்தைக் கட்ட முடியாமல் போன ஒருவர் எங்களிடம் வர வெட்கப்பட்டுக்கொண்டு இருக்கலாம் என்று நினைக்கிறார். முல்லைத்தீவுப் பக்கம் இருக்கிற, இரண்டு தவணைக்கு மேல் பிந்திய அங்கத்தவர்களின் பட்டியலைக் கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். பதினொரு பேர் இருக்கிறார்கள். நேற்று வரைக்கும் நான்கு பேரோடு கதைத்திருக்கிறார்.